அழுதால் மட்டும் சிவக்கிற குழந்தை

அவளுக்கு டிப்போவில் ‘கழுகு’ என்று பெயர். பட்டப்பெயர் வைத்தவர்கள் பயந்துகொண்டுதான் வைத்தார்கள். பேருந்தில் ஏறிப் பயணிகளின் டிக்கெட்டைச் சரிபார்க்கும் வேலை அவளுடையது. ஏறிய மாத்திரத்தில் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பாள். டிக்கெட் எடுக்காதவன் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசிக்க ஆரம்பிப்பான். தூங்குவதுபோல் நடிப்பவனுக்கு இமை துடிக்கும். அவளிடம் யாரும் தப்பியதில்லை. அவளுடைய புருஷன் அதே டிப்போவில் மெக்கானிக். கல்யாணமான புதிதில், “வீட்டுக்குள்ள வரும்போதாவது அந்தப் பார்வையை வாசல்ல கழட்டி வச்சிட்டு வா தாயே” என்று கும்பிடுவான்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. எட்டாம் மாதம்வரை ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டாள். ‘பார்க்கலாம்’ என்ற பதிலைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நாள் கால் இரண்டும் வீங்கி வீட்டுக்கு வந்தவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, “இந்தக் குழந்தையே வேண்டாம்னு தோணுது” என்று அழுதாள். மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பிரசவம் சுகமாகவே நடந்தது. பெண் குழந்தை. வெளியே வந்ததும் அறையே அதிர அழுதது. “குரல் நல்லா எடுப்பா இருக்கு, உங்களை மாதிரியே” என்றாள் பிரசவ அறை சிஸ்டர். துடைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மாதுளை முத்து மாதிரி சிவப்பாக இருந்தாள்.

முதல் தடவை மார்பில் போட்டபோதுதான் அது நடந்தது. குழந்தை ஆவலாகக் கவ்வி நாலைந்து முறை உறிஞ்சியது. உடனே உடம்பு விறைத்தது. விலாவுக்கு அடியில் தோல் குழிகுழியாக உள்ளே இழுத்தது. உதட்டைச் சுற்றி மை தடவியதுபோல் கருநீலம் பரவி, முகமே நீலம் பாய்ந்தது.

“சிஸ்டர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

குழந்தை காம்பை விட்டுவிட்டு வாயைத் திறந்து வீறிட்டது. வார்டு சிஸ்டர் ஓடிவந்து சேர்வதற்குள் நீலம் போன இடம் தெரியவில்லை. குழந்தை சிவந்து, கைகால் உதைத்து, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா நீலம்? நல்லா தக்காளிப்பழம் மாதிரி இருக்கா.”

“இப்போதான் சிஸ்டர். பால் குடிக்கும்போது.”

சிஸ்டர் குழந்தையின் பாதத்தில் சின்ன விளக்கு எரிகிற கருவியைச் சுற்றி ஆக்சிஜன் அளவைப் பார்த்தாள். அழுகிற குழந்தைக்கு அளவு பிரமாதமாக இருந்தது. “முதல் குழந்தை இல்ல? அப்படித்தான் தோணும். மார்பு மூக்கை அமுக்கியிருக்கும். இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க” என்று காட்டிக்கொடுத்தாள். அதற்குள் பக்கத்து வார்டில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

சொன்னபடியே சாய்த்துப் பிடித்தாள். மார்பை விரலால் ஒதுக்கி, மூக்குக்கு முன்னால் நன்றாக இடம் விட்டாள். மறுபடியும் அதேதான். நாலு வாய் உறிஞ்சல், விறைப்பு, நீலம், அப்புறம் வீறிடல், சிவப்பு. சிஸ்டர் வந்து பார்க்கும்போதெல்லாம் அழுகை, அழும்போதெல்லாம் சிவப்பு. கையும் களவுமாகப் பிடிக்க முடியாத திருடன் மாதிரி அந்த நீலம் ஒளிந்து விளையாடியது.

அவளுடைய டிப்போப் புத்தி விழித்துக்கொண்டது. யார் என்ன செய்தார்கள்? இவள் குளியலறைக்குப் போயிருந்தபோது குழந்தை மாமியாரின் மடியில் இருந்தது. திரும்பி வரும்போது மாமியார் ஏதோ ஒரு ஸ்பூனைத் துணிப்பைக்குள் போட்ட மாதிரி இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஏதாவது தொட்டு வைத்திருப்பாளோ? அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்குமோ? குழந்தையைத் தூக்கி அதன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள்.

“என்ன மோந்து பார்க்குற?” என்றாள் மாமியார்.

“ஒண்ணுமில்ல அத்தை. நீங்க குழந்தைக்கு ஏதாவது குடுத்தீங்களா?”

“நான் எதுக்குக் குடுக்கறேன்? பெத்தவ நீ இருக்கும்போது?”

பதில் சொன்ன மாமியார் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினாள். ஜன்னலைப் பார்ப்பவர்களைப் பற்றி இவளுக்குத் தெரியாதா? சந்தேகம் கெட்டியாகிவிட்டது.

ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. குழந்தை கண்ணயரும்போது வாய் பிளந்திருந்தால் ஒன்றுமில்லை. உதடு ரெண்டும் தானாக ஒட்டிக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு உள்வாங்கித் துடித்து, விழித்து அழுதது. பால் இல்லாதபோதும் இது நடக்கிறது என்றால் பாலில் குற்றமில்லை. ஸ்பூனிலும் இல்லை. பிறகு எதில்?

மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டபடி கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மாமியாரின் குரல் தாழ்ந்து கேட்டது.

“சிஸ்டர், ஒரு விஷயம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவ இந்தக் குழந்தையே வேண்டாம்னு அழுதவ. என் காதால கேட்டேன். இப்போ அவ மடியில போட்டா மட்டும்தான் குழந்தைக்கு மூச்சு நிக்குதுங்குறா. எனக்கு என்னமோ பயமா இருக்கு. குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.”

அவள் கண்ணைத் திறந்தாள். கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம்தானே? வாயிலிருந்து வந்தது கைக்கும் வந்துவிடுமா? தூக்கக் கலக்கத்தில் தன்னையறியாமல் குழந்தையை அமுக்குகிறோமோ? உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் முகத்தைப் படித்தே பழகியவளுக்குத் தன் கையைப் படிக்கத் தெரியவில்லை.

சிஸ்டர் வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

“நீங்க ரொம்பக் களைச்சுப்போயிட்டீங்க. கொஞ்ச நேரம் குழந்தை எங்க ரூம்ல இருக்கட்டும். பாலைப் பீச்சிக் குடுங்க, நானே புட்டியில குடுக்கறேன்.”

“என்மேல சந்தேகமா சிஸ்டர்?”

நேராகக் கேட்டதில் சிஸ்டர் தடுமாறினாள். “சந்தேகமெல்லாம் இல்லம்மா. பார்த்துட்டா நல்லதுதானே.”

“பாருங்க. நானும் பார்க்கறேன்.”

தையல் போட்ட வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, பச்சிளங்குழந்தைகள் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். மாமியாரும் பின்னாலேயே வந்து, ஒரு கை தூரம் விட்டு நின்றாள். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழந்தையின் பாதத்தில் கருவி மாட்டியிருந்தது. கண்ணாடி வழியே எண்கள் பச்சையாகத் தெரிந்தன.

சிஸ்டர் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி பிடித்துக்கொண்டு ரப்பர் காம்பை வாயில் வைத்தாள். குழந்தை உறிஞ்சியது. ஒன்று, இரண்டு, மூன்று மிடறு. எண்கள் சறுக்குமரத்தில் போவதுபோல் சரசரவென்று இறங்கின. கருவி அலறியது. குழந்தையின் உதடு சிஸ்டரின் கையிலேயே நீலமாகியது.

சிஸ்டர் புட்டியைப் பிடுங்கினாள். வாயைத் துடைத்து உள்ளங்காலைத் தேய்த்தாள். குழந்தை வீறிட்டது. எண்கள் ஏறின. சிவப்பு திரும்பி வந்தது.

கழுகுக்கு அந்த நேரத்திலும் பழைய புத்தி போகவில்லை. சிஸ்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஜன்னல் பக்கம் திரும்புவாள், ‘ஒன்றுமில்லை, புரையேறிவிட்டது’ என்று மழுப்புவாள் என்று காத்திருந்தாள். ஆனால் சிஸ்டர் நிமிர்ந்து கண்ணாடி வழியே அவளை நேருக்கு நேர் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்து, “என் கையிலயும்தாம்மா. நீங்க சொன்னது சரி. உங்க கையில தப்பில்ல. டாக்டரைக் கூப்பிடறேன்” என்றாள்.

மாமியார் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

குழந்தைகள் டாக்டர் நடுத்தர வயதுக்காரர். சட்டைப்பையில் கரடிபொம்மை தைத்த பேனா உறையோடு வந்தார். முதலில் இதயத்தைக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். கை கால் நாடிகளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தாயிடம் திரும்பினார்.

“நீங்க பார்த்ததை முதல்ல இருந்து சொல்லுங்க. எதையும் விடாதீங்க.”

சொன்னாள். பால் குடித்தால் நீலம், அழுதால் சிவப்பு, வாய் மூடித் தூங்கினால் திணறல், வாய் பிளந்து தூங்கினால் நிம்மதி. சொல்லி முடிக்கும்போது டாக்டரின் புருவம் ஏறியிருந்தது.

“இதயத்துல ஓட்டை கீட்டை இருக்கற குழந்தைங்க அழுதா இன்னும் நீலமாகும். இவ தலைகீழா இருக்கா. அழுதா சரியாகுது. அழும்போது என்ன பண்றா? வாயைத் திறக்கறா. அப்போ வாய் வழியா காத்து போகுது. வாய் மூடினா போகல. அப்படின்னா நான் சந்தேகப்படறது மூக்கை.”

“மூக்கா? சளிகூட இல்லையே டாக்டர்” என்றாள் மாமியார்.

டாக்டர் பஞ்சிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் குழந்தையின் மூக்குத் துவாரத்துக்கு முன்னால் பிடித்தார். குழந்தை அப்போது வாயை மூடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. இழை அசையவே இல்லை. அடுத்த துவாரத்திலும் அப்படித்தான். வாய் திறந்ததும் அதன் முன்னால் பிடித்தார், இழை பறந்தது. பிறகு மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து வலது துவாரத்தில் மெதுவாக விட்டார். கொஞ்ச தூரம் போய் நின்றது. அழுத்தவில்லை, எடுத்துவிட்டார். இடதிலும் அதே தூரத்தில் முட்டி நின்றது.

“சாதாரணமா இந்தக் குழாய் மூக்கு வழியா தொண்டைக்கு இறங்கிடணும். இங்க ரெண்டு பக்கமும் பின்னாடி அடைச்சிருக்கு. மூக்கோட பின்வாசல்னு வச்சிக்குங்க. கருவுல உருவாகும்போது அது திறந்துக்கணும். சில குழந்தைங்களுக்குத் திறக்காமலே நின்னுடும். எலும்பாலயோ சவ்வாலயோ மூடியிருக்கும்.”

“அப்போ வாயால மூச்சு விட வேண்டியதுதானே?” என்று மாமியார் கேட்டாள்.

“நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதும்மா. பிறந்த குழந்தைக்கு மூச்சுன்னா மூக்குதான். அழும்போது மட்டும்தான் வாயால இழுக்கும். பால் குடிச்சா வாய் அடைபடுது. மூக்கும் அடைப்பு. மூச்சு எங்க போகும்? நீலமாகுது, திணறுது, விட்டுட்டு அழுது. அழுதா வாய் திறக்குது, சிவக்குது. இதேதான் சுத்திச் சுத்தி.”

கழுகு உடனே நம்பிவிடவில்லை. “குழாய் எவ்வளவு தூரம் போச்சுன்னு காட்டுங்க” என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. மறுபடியும் விட்டு, நின்ற இடத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழந்தையின் மூக்கு நுனியிலிருந்து காதை நோக்கி வைத்துக் காட்டினார். தொண்டைக்கு இறங்க அந்தத் தூரம் போயிருக்க வேண்டும்; பாதியைக்கூட எட்டவில்லை.

“நான் கர்ப்பமா இருக்கும்போது பஸ்ல நின்னுக்கிட்டே போனேனே, அதனாலயா?”

“இல்ல.”

கொஞ்சம் தயங்கினாள். மாமியாரைப் பார்க்காமலே கேட்டாள். “குழந்தை வேண்டாம்னு நினைச்சிருந்தா?”

“நினைப்புக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லம்மா” என்றார் டாக்டர்.

அவர் சிஸ்டரிடம் ஏதோ சொல்ல, வளைந்த சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்று வந்தது. அதைக் குழந்தையின் நாக்குக்கு மேலே, தொண்டையை நோக்கி வைத்து, கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டினார். வாய் இனி மூடிக்கொள்ள முடியாது. குழந்தை இரண்டு மூன்று முறை முகம் சுளித்தது. பிறகு அடங்கியது. நெஞ்சு உள்வாங்கவில்லை. முகம் மெல்லச் சிவந்தது.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் குழந்தை விழித்திருக்கும்போதே அழாமல் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற கழுகு பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

பால் இனி வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் என்றார்கள். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வார்டு சிஸ்டர் கூடவே வந்தாள், வழியெல்லாம் குழந்தையின் வாய்க்குழாய் நகராமல் பார்த்துக்கொண்டாள். புருஷன் கையில் கிரீஸ் காயாமல் டிப்போவிலிருந்து நேரே ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மூக்குல அடைப்புன்னா பிரிச்சு எடுத்துடலாம்ல?” என்றான், அடைத்த டீசல் ஃபில்டரைப் பற்றிக் கேட்கிற மாதிரி. அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இருபக்கமும் எலும்பும் சவ்வும் கலந்து மூடியிருப்பது படத்தில் தெரிந்தது. இந்தக் கோளாறோடு சில குழந்தைகளுக்கு இதயத்திலும் கண்ணிலும் காதிலும் குறை இருக்கலாம் என்று எல்லாவற்றையும் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு முடிவையும் அவள் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். இதயம் சரி. கண் சரி. காதும் கேட்கிறது.

ஆபரேஷன் என்றதும் மாமியார் மகனைத் தனியே இழுத்தாள். “பொறந்த குழந்தை மூக்குல போய் எலும்பை வெட்டுறதா? வாய்க்குழாயிலேயே மூச்சு விடுதில்ல? கொஞ்சம் வளரட்டும்னு சொல்லுடா. இவங்க ஏதோ மறைக்கிறாங்க.”

மருமகள் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தமுறை திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை.

“அத்தை, அந்தக் குழாய் நகர்ந்தா என்ன ஆகும்னு பார்த்தீங்கல்ல? எத்தனை மாசம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் முழிச்சிருக்க முடியும்? எனக்கும்தான் பயம். டாக்டரை நானே நாலு கேள்வி கேட்டுட்டேன். மூக்கு வழியாவே கேமரா விட்டுத்தான் பண்றாங்க, முகத்தைக் கிழிக்க மாட்டாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்புறம் இன்னொண்ணு. நீங்க சிஸ்டர்கிட்ட சொன்னதையும் கேட்டுட்டேன்.”

மாமியாரின் முகம் சுருங்கியது. ஆனால் பார்வையைத் திருப்பவில்லை.

“சொன்னேன்தான். பயந்துட்டேன். நீ அன்னிக்கு அழுத அழுகை எனக்கு மறக்கல. உன்மேல வெறுப்புல சொல்லல, குழந்தை மேல பயத்துல சொன்னேன். நீ மட்டும் என்ன, என்னைச் சந்தேகப்படலையா? குழந்தை வாயை மோந்து பார்த்தியே.”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஸ்பூனை எதுக்கு ஒளிச்சீங்க?”

“எனக்கு மாத்திரை கரைச்சுக் குடிச்சேன். ரெண்டு நாளா நெஞ்சு படபடப்பு. பிரசவ நேரத்துல என்னைப் பத்தி எதுக்குன்னு சொல்லல.”

புருஷன் நடுவில் நின்று, “டீ வாங்கிட்டு வரேன்” என்று நழுவிப் போனான்.

ஆபரேஷன் நடந்தது. மூக்கு வழியாகவே மெல்லிய கேமராவை விட்டு, பின்வாசலில் இருந்த எலும்பைக் குடைந்து திறந்தார்கள். வழி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ரெண்டு துவாரத்திலும் மெல்லிய குழாய்களை வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளாமல் உப்புத்தண்ணீர் சொட்டுவிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். சிஸ்டர்கள் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். மாமியார் கேட்காமலே பக்கத்தில் நின்று தானும் கற்றுக்கொண்டாள். வீட்டில் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தூங்கும்போது மற்றவள் விழித்திருந்தாள். ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்கள்; உறிஞ்சும் குழாயை அதிக தூரம் விடுகிறாளா, கை கழுவினாளா என்று. அந்தக் கண்காணிப்பில் குழந்தை பத்திரமாக இருந்தது.

மூக்குக் குழாய்களை எடுத்த அன்று பால் கொடுக்கச் சொன்னார்கள். குழந்தை மார்பில் வாயை வைத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உதட்டையே பார்த்தாள். உறிஞ்சியது, விழுங்கியது, மூக்கால் மூச்சு விட்டது, மறுபடி உறிஞ்சியது. நிறம் மாறவில்லை. வயிறு நிறையக் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கிப்போனது. உதடு ரெண்டும் மூடியிருந்தன.

அதோடு முடிந்துவிடவில்லை. கொஞ்ச நாள் கழித்து மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சளி என்றான் புருஷன். பனி என்றாள் மாமியார். அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொரு துவாரமாக விரலால் லேசாக மூடிப் பார்த்தாள். இடது பக்கத்தை மூடினால் குழந்தை தவித்தது. வலது பக்கம் வேலை செய்யவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வலது வழி சுருங்கியிருந்தது. இந்த ஆபரேஷனில் அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொல்லி, மயக்கம் கொடுத்து அதை விரித்துவிட்டார். தாமதிக்காமல் வந்தது நல்லதாயிற்று என்றார்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்தபின் நடந்த பரிசோதனையில் காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டும் நல்லா திறந்திருக்கு. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்” என்றார்.

“ரெண்டுமா டாக்டர்?”

“ரெண்டும்தாம்மா.”

“வலது பக்கமும்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து, வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எட்டி, “கொஞ்சம் தள்ளு, நானும் பார்க்கணும்” என்றாள்.